செயலாளர் மேல் புகாரைச் செயலாளரிடமே கொடுக்க வேண்டுமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் 42 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் 11 வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். போன வருடம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். பொதுக்குழுவில் அதற்கு பில் கேட்டேன். அன்றிலிருந்து செயலாளர் எங்களைக் குறிவைத்துவிட்டார். வாட்ஸ்ஆப் குழுவில் என்னைப் 'பிரச்சினை பார்ட்டி' என்று எழுதினார். பத்துப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். பிறகு குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை வாட்ச்மேன் கேட்டிலேயே அரைமணி நேரம் நிறுத்திவைக்கிறார். போன மாதம் இரண்டு தடவை எங்கள் வீட்டுத் தண்ணீர் வால்வை மட்டும் மூடினார்கள். கேட்டால் 'ரிப்பேர் வேலை' என்கிறார்கள். பக்கத்து வீட்டார்கூட லிஃப்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அலுவலகமாக இருந்தால் ஹெச்.ஆர். இருப்பார். இங்கே யாரிடம் போவது? வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் கணவர்.
ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. அடுத்த தடவை குழாயில் தண்ணீர் நின்றால், மொட்டை மாடிக்குப் போய் உங்கள் வால்வு மூடியிருப்பதையும் பக்கத்து வீட்டு வால்வு திறந்திருப்பதையும் ஒரே வீடியோவில் எடுங்கள். பிறகு வாட்ச்மேனிடம் ஒரே ஒரு கேள்வி: "யார் சொல்லி மூடினீங்க?" அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் கோபப்பட வேண்டாம். மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவர் அவர். நாளைக்கு உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் அவராக இருக்கலாம். அன்றைக்கே செயலாளருக்கும் தலைவருக்கும் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் குழாயில் ரிப்பேர், எந்த பிளம்பர் வந்தார், எத்தனை மணிக்கு முடிந்தது? உண்மையிலேயே ரிப்பேர் நடந்திருந்தால் ஒரு பில் இருக்கும். மூன்றாவது தடவையும் நடந்தால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, உங்கள் பகுதி உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை உத்தரவு கேளுங்கள். மெயின்டனன்ஸ் பாக்கியில்லாத வீட்டுக்கு மட்டும் தண்ணீர் நின்றது என்ற ஒற்றை விஷயம் எந்த நீதிபதிக்கும் உடனே புரியும். அந்த மனுவில் வாட்ஸ்ஆப் கேலியையும் பெயின்ட் கணக்கையும் கலக்காதீர்கள்.

கலக்காதீர்கள் என்பதைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் சொல்லப்போகிறேன். இதுமாதிரி வழக்குகளில் வழக்கறிஞராகவும் சமரசராகவும் உட்கார்ந்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர் கொண்டுவரும் புகார்க் கடிதம் பெரும்பாலும் ஏழெட்டுப் பக்கம் இருக்கும். 'செயலாளர் எங்களைத் துன்புறுத்துகிறார்' என்று தொடங்கி, இரண்டு வருடத்து வலி எல்லாம் அதில் கொட்டியிருக்கும். அதில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. ஆனால் படிக்கிறவர் கண்ணில் அது இரண்டு குடும்பங்களின் சொந்தச் சண்டையாகப்படும். 'அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாது, நமக்கு எதுக்கு' என்று ஒதுங்க அதுவே போதும். ஒருவரின் குணத்தைப் பற்றிப் புகார் வாங்க இந்த ஊரில் எந்த அலுவலகமும் இல்லை. தண்ணீரை நிறுத்தியது, கணக்கைக் காட்டாதது, அதிகாரம் இல்லாமல் உத்தரவு போட்டது, ஆபாசமாகப் பேசியது என்று தனித்தனிச் செயல்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் இருக்கிறது.

அந்த வாசல்களின் சாவி உங்கள் சங்கத்தின் விதிமுறைத் தொகுப்பான பைலா. மெயின்டனன்ஸ் ரசீதின் மேல் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக் குடியிருப்புச் சங்கங்களில் பல, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. உங்களுடையதும் அப்படியிருந்தால், பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பைலாவும் நிர்வாகிகள் பட்டியலும் இருக்கும். மனு எழுதிக் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் தருவார்கள். செயலாளரிடம் கேட்டு அவர் இல்லை என்று சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டாம், நேரே அங்கே போங்கள்.

நகல் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் எவ்வளவு? அந்தச் சட்டப்படி 3 ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டால்தான் தொடரலாம். 'வேற யாரும் முன்வரலை' என்று சொல்லி, தேர்தலே வைக்காமல் ஒரே ஆள் பத்து வருடம் செயலாளராக இருக்கும் குடியிருப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கேட்க எத்தனை உறுப்பினர் கையெழுத்துப் போட வேண்டும்? கடைசியாக, செயலாளரின் அதிகாரங்கள் என்ன? அநேகமாகக் கடிதப் போக்குவரத்து, கூட்ட அறிவிப்பு, பதிவேடுகளைப் பராமரிப்பது என்ற அளவில் இருக்கும். முடிவெடுப்பது நிர்வாகக் குழுவும் பொதுக்குழுவும்தான். ஒரு வீட்டு வேலையாளை மட்டும் கேட்டில் நிறுத்தவைக்கும் அதிகாரம் எந்தப் பைலாவிலும் என் கண்ணில் பட்டதில்லை.

அதனால் இனிமேல் அவர் எதைச் செய்தாலும் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இது எந்தத் தேதிக் கூட்டத்தில் எடுத்த தீர்மானம்? மினிட்ஸ் நகல் வேண்டும்." உதாரணத்துக்கு, வேலைக்கார அம்மா விஷயத்தில் இப்படி எழுதுங்கள்:

"கடந்த 4, 7, 9 ஆகிய தேதிகளில் எங்கள் வீட்டு உதவியாளர் காலையில் சுமார் 30 நிமிடம் நுழைவாயிலில் நிறுத்தப்பட்டார். மற்ற வீடுகளின் உதவியாளர்கள் உடனே அனுமதிக்கப்பட்டனர். இதற்கான விதி எந்தக் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது என்பதையும் அந்தத் தீர்மானத்தின் நகலையும் 7 நாட்களுக்குள் தர வேண்டுகிறேன்."

இவ்வளவே போதும். 'வேண்டுமென்றே', 'பழிவாங்கும் நோக்கில்' போன்ற சொற்களைச் சேர்க்க வேண்டாம். கையில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இதில் செயலாளருக்கு என்ன நெருக்கடி என்றால், தீர்மானம் இல்லை என்று சொன்னால் அது அவருடைய சொந்த உத்தரவு என்று ஆகிவிடும். இருக்கிறது என்றால் மினிட்ஸ் புத்தகத்தைக் காட்ட வேண்டும், அப்போது மற்ற நிர்வாகிகளும் அதற்குப் பொறுப்பாகிவிடுவார்கள். அதுவரை கண்டும் காணாமலும் இருந்த பொருளாளரோ துணைத்தலைவரோ, 'என் பேரை இதுல இழுக்காதீங்க சார்' என்று அவரிடம் சொல்லத் தொடங்குவது இங்கேதான். பதிலே வராவிட்டாலும் நஷ்டமில்லை. பதில் வராத மூன்று கடிதங்கள் பின்னால் எங்கே போனாலும் உங்களுக்குச் சாட்சி.

மெயின்டனன்ஸ் பணத்தை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். என்னிடம் வந்த ஒரு தம்பதி, கணக்குக் காட்டும்வரை கட்டமாட்டோம் என்று ஐந்து மாதம் நிறுத்திவைத்தார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் பாக்கிதாரர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது. பாக்கி வைத்தவருக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை என்று பைலாவில் இருந்தது. கணக்குக் கேட்டவர்கள் ஒரே நாளில் காசு கொடுக்காதவர்கள் ஆகிவிட்டார்கள், அதுவரை அவர்கள் பக்கம் இருந்த நான்கு வீடுகளும் விலகிவிட்டன. பாக்கியைக் கட்டி, இழந்த பெயரைத் திரும்பப் பெற அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நீங்கள் ரொக்கமாகக் கொடுக்காமல், மாதாமாதம் தேதி தவறாமல் வங்கி மூலம் அனுப்புங்கள்.

இனி உங்கள் அக்கம்பக்கத்தார். இரண்டு பக்கக் கடிதத்தில் வேறு எதையும்விட லிஃப்ட்டில் முகம் திருப்பியதுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கிறது என்று தெரிகிறது. அவர்கள் எல்லோரும் செயலாளரின் ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு விற்க வேண்டுமானால் சங்கத்தின் தடையில்லாச் சான்று, வீட்டுக்குள் வேலை நடந்தால் லிஃப்டில் சிமென்ட் மூட்டை ஏற்ற அனுமதி, இரண்டாவது காருக்கு இடம், மகன் கல்யாணத்துக்கு மொட்டை மாடி என்று எல்லாவற்றுக்கும் அவர் தயவு வேண்டும். உங்களுக்கு நடப்பதைப் பார்த்தபின் யாரும் அடுத்த ஆளாக விரும்பமாட்டார்கள். சிரிக்கிற பொம்மை போட்டவர்களில்கூட இரண்டு மூன்று பேர் அந்தப் பயத்தில் போட்டிருப்பார்கள்.

அவர்களிடம் 'எனக்கு ஆதரவா நில்லுங்க' என்று போனால் தயங்குவார்கள். 'பெயின்ட் செலவுக் கணக்கைப் பார்க்கலாம் என்று ஒரு மனு, கையெழுத்துப் போடுறீங்களா?' என்று போனால் நிலைமை வேறு. அது அவர்களுடைய பணமும்தான். வாட்ஸ்ஆப்பில் கேட்காதீர்கள், கூட்டமாகவும் கூப்பிடாதீர்கள். ஒவ்வொரு வீடாக, சாயங்காலம், தம்பதியர் இருவரும் இருக்கும்போது போங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களை மறந்துவிடாதீர்கள். தினமும் லிஃப்டில் செயலாளர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதால், முதலில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

எத்தனை கையெழுத்து வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, சங்கத்தின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் விண்ணப்பித்தால், சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை ஆகியவற்றைப் பதிவாளர் விசாரிக்கலாம். 42 வீடு என்றால் 14 பேர் என்று தோன்றும். ஆனால் கணக்கு வீடுகளை வைத்து இல்லை, உறுப்பினர்களை வைத்து. வீட்டை வாங்கியவர்கள் சிலர் உறுப்பினராகப் பதிவு செய்யாமலே இருப்பார்கள், விற்றுவிட்டுப் போனவர் பெயர் இன்னும் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டில் 36 பேர்தான் என்றால் 12 கையெழுத்து போதும். உறுப்பினரே அல்லாதவர்கள் கையெழுத்துப் போட்ட மனுவை எதிர்த்தரப்பு எளிதாகக் கவிழ்த்துவிடும். அதனால் பட்டியலைப் பார்த்தபிறகே வீடு வீடாகப் போங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு மேல் நான்கைந்து பேர் கூடுதலாக இருக்கட்டும், யாராவது பின்வாங்குவார்கள்.

ஆனால் உடனே பதிவாளரிடம் ஓட வேண்டாம். அந்தக் கையெழுத்துகளை வைத்து முதலில் சிறப்புப் பொதுக்குழு கேளுங்கள். நிகழ்ச்சி நிரலில் இரண்டே பொருள் போதும்: பெயின்ட் வேலைக்கான விலைப்புள்ளிகளையும் பில்களையும் உறுப்பினர் பார்வைக்கு வைப்பது, தேர்தல் தேதியை முடிவுசெய்வது. அவர் கூட்டவில்லை என்றால் அந்த மறுப்பே பதிவாளரிடம் உங்கள் மனுவுக்கு வலு.

பதிவாளரால் என்ன முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களை மரியாதையாக நடத்தச் சொல்லி அவர் உத்தரவு போடமாட்டார். விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகும். தேர்தல் செல்லுமா செல்லாதா என்ற சண்டை வந்தால் அது நீதிமன்றத்துக்குத்தான் போகும். இருந்தாலும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தாலே, தேதி போட்ட ஆவணங்களோடு பதில் சொல்லியாக வேண்டும். கணக்குச் சரியாக இருக்கும் செயலாளர்கூட அந்தக் கட்டத்தில் நிதானத்துக்கு வந்துவிடுகிறார். கணக்கு உண்மையிலேயே சரியாக இருக்கலாம் என்பதற்கும் மனதில் இடம் வையுங்கள். பில் எல்லாம் ஒழுங்காக இருந்தும், 'என்னையா சந்தேகப்பட்டாய்' என்ற கோபத்தில் மட்டுமே ஒருவரை வதைத்த செயலாளரை நான் பார்த்திருக்கிறேன். கணக்குச் சரி என்பதால் வால்வை மூடியது சரியாகிவிடாது.

போலீஸுக்கு எப்போது போவது? 'பிரச்சினை பார்ட்டி' என்ற சொல்லுக்காகப் போகாதீர்கள். அவதூறு வழக்கில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, நீங்கள்தான் நீதித்துறை நடுவரிடம் தனிப் புகார் கொடுத்து வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆனால் அடிப்பேன், ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்ற மிரட்டலோ, பெண் என்பதால் ஆபாசமாக ஒரு சொல்லோ, ஒரு சைகையோ வந்தால் அன்றைக்கே போங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் முன்னதற்கு 351ஆம் பிரிவு, பின்னதற்கு 79ஆம் பிரிவு இருக்கின்றன. 'இது அசோசியேஷன் விவகாரம், பேசித் தீர்த்துக்கோங்க' என்று சொன்னாலும், மனுவைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். வாட்ஸ்ஆப் செய்திகளைப் பொறுத்தவரை ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. நீக்கப்படும்வரை வந்த உரையாடல் உங்கள் போனில் இன்னும் இருக்கும், அதை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். அந்தப் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

எனக்கு அதிக நம்பிக்கை உள்ள வழி, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே சமரசம் கேட்டு மனு கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி பெறும் உரிமையைக் கொடுக்கிறது. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். உங்கள் சங்கச் செயலாளருக்கு ஆணைக்குழு அறிவிப்பு அனுப்பும். அவர் வந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனாலும் பலர் வருகிறார்கள். குடியிருப்பில் நாற்பது பேர் முன்னால் இறங்கிவர முடியாதவர், மூடிய அறையில் மூன்று பேர் முன்னால் இறங்கிவருவார்.

அங்கே என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே எழுதி எடுத்துப்போங்கள். சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய ஒரு அமர்வில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்ட எல்லாவற்றுக்கும் எதிர்த்தரப்பு சம்மதித்துவிட்டது. கடைசியில் அவர், பொதுக்குழுவில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். செயலாளர் எழுந்து போய்விட்டார், ஆறு மாதம் வரவில்லை. மறுபடி வந்தபோது அந்த அம்மா கேட்டது வேறு: 'இன்ன வீட்டுக்காரர் கணக்குக் கேட்டது உறுப்பினர் என்ற முறையில் அவருடைய உரிமை' என்று மினிட்ஸில் ஒரு வரி. செயலாளர் உடனே ஒத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு மன்னிப்பைவிட அந்த வரிதான் வேண்டியிருந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நீங்களும் நான்கைக் கேட்கலாம்: வால்வைத் தொட வேண்டுமானால் முதல்நாள் எழுத்தில் அறிவிப்பு, கேட்டில் எல்லா வீடுகளுக்கும் ஒரே விதி, சங்க அறிவிப்புகள் உங்களுக்கும் வர வழி, பில்களைப் பார்க்க ஒரு தேதி. சம்மதித்ததை எழுதி இருவரும் கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்காதீர்கள்.

புகார்க் குழு இல்லை என்ற குறையை அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்க்கலாம். நிர்வாகக் குழுவில் இல்லாத மூன்று உறுப்பினர், அவர்களில் ஒருவராவது பெண், நிர்வாகிகள் மேல் வரும் புகாருக்கு 15 நாளில் எழுத்தில் பதில், புகார் நிலுவையில் இருக்கும்போது எந்த வசதியையும் நிறுத்தக் கூடாது என்று ஒரு தீர்மானம் போதும். பைலாவிலேயே சேர்க்கச் சிறப்புத் தீர்மானமும் பதிவாளரிடம் பதிவும் வேண்டும். அதுவரை சாதாரணத் தீர்மானமாக இருக்கட்டும்.

கோயில் கமிட்டியிலோ தொண்டு அமைப்பிலோ இருந்து இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நடந்தது பாலியல் தொல்லை என்றால், 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் சம்பளமில்லாத தன்னார்வலரும் அடங்குவார். அமைப்பில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தாலும், புகார் அமைப்பின் தலைவர் மேலேயே என்றாலும், மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் விவரம் தருவார்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது பாலியல் தொல்லை அல்ல என்பதால், சகோதரி, அந்தச் சட்டம் உங்கள் விஷயத்துக்குப் பொருந்தாது.

உங்கள் கணவர் சொல்வதை நான் கோழைத்தனம் என்று நினைக்கவில்லை. தினமும் வீட்டுக்கு வரும்போது கேட்டில் வயிறு கலங்குகிறவர் அப்படித்தான் பேசுவார். ஆனால் இப்போது விற்கப்போனாலும் தடையில்லாச் சான்றுக்கு இதே செயலாளரிடம்தான் நிற்க வேண்டும், அவசரம் தெரிந்தால் வாங்குகிறவரும் விலையைக் குறைப்பார். பைலா நகல், மூன்று கடிதங்கள், கையெழுத்து மனு, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஓர் அமர்வு, இவ்வளவுக்கும் சேர்த்து ஆறு மாதம் என்று இருவருமாக ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் வீட்டை விற்கத்தான் தோன்றினால் விற்றுவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது மெயின்டனன்ஸ் ரசீதின் நகலையும் ஆதாரையும் எடுத்துப்போங்கள்.